முதல் சந்திப்பின் வரவேற்புரை: நான்கு நிமிடப் பேச்சைத் தயாரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ராமநாதபுரத்திலும் அதைச் சுற்றியுள்ள கடலோர ஊர்களிலும் கணினித் தொழிலில் இருப்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். சென்னை, பெங்களூரு நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள்; வளைகுடாவில் சில ஆண்டுகள் கணினி வேலை பார்த்துவிட்டுக் கீழக்கரைக்குத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள்; கடைகளுக்குப் பில்லிங் மென்பொருள் போட்டுத் தருபவர், இ-சேவை மையம் நடத்துபவர், பாலிடெக்னிக் கடைசி ஆண்டு மாணவர் என்று பல வகையினர் உண்டு. இவர்களில் இருபத்தைந்து பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் முதன்முறையாக ராமநாதபுரத்தில் ஓரிடத்தில் கூட்டுகிறீர்கள் என்றும், அழைத்தவர் என்ற முறையில் வரவேற்றுப் பேச வேண்டியவர் நீங்கள்தான் என்றும் வைத்துக்கொண்டு இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். வேறு தொழிலினரைக் கூட்டுபவர்கள் ஆட்களின் விவரங்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

வருபவரின் மனத்தில் இருப்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

பேச்சை எழுதத் தொடங்குவதற்கு முன், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்க்கும் ஒருவர் என்ன நினைப்பார் என்பதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அநேகமாக நான்கு ஐயங்கள்தான் வரும். இது என்னைப் போன்ற ஆளுக்கான இடம்தானா என்பது முதலாவது. என்னை எழுப்பி எல்லார் முன்னிலும் பேசச் சொல்வார்களோ என்பது இரண்டாவது. எத்தனை மணிக்கு முடியும், ஊருக்குத் திரும்பப் பஸ் கிடைக்குமா என்பது மூன்றாவது. இவர்கள் எதையோ விற்பதற்காகக் கூட்டியிருக்கிறார்களோ என்பது நான்காவது. ஆள் சேர்த்தால் பணம் என்னும் சங்கிலி வியாபாரக் கூட்டங்களுக்கு இதே போன்ற அழைப்பைக் கேட்டுப் போய் ஏமாந்தவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருப்பதால், இந்த நான்காவது ஐயத்தைச் சிறிதாக எண்ண வேண்டாம்.

வரவேற்புரையின் வேலை இந்த நான்கு ஐயங்களையும் தீர்த்து, அறிமுகமில்லாத இருவரை ஒருவரோடொருவர் பேச வைப்பதுதான். எழுதும் ஒவ்வொரு வாக்கியமும் இவற்றுள் ஏதேனும் ஒன்றுக்குப் பயன்படுகிறதா என்று பாருங்கள், பயன்படாததை அடித்துவிடுங்கள்.

மேடை மரபில் எதை விடுவது

நம் ஊர்களில் வரவேற்புரை என்றாலே கைக்கு முதலில் வருவது விளிப்பு வரிசை. தலைமை தாங்குபவர், முன்னிலை வகிப்பவர், வருகை தந்திருக்கும் பெரியோர் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வணக்கம் தெரிவிப்பது கோயில் திருவிழாவிலும் பள்ளி ஆண்டு விழாவிலும் பொருத்தமே. இருபத்தைந்து பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கும் சந்திப்பில் அது வேறு விதமாகவே வேலை செய்யும். பெயர் சொல்லப்பட்ட ஐவர் விருந்தினராகவும், சொல்லப்படாத இருபது பேர் பார்வையாளராகவும் ஆகிவிடுவார்கள். பார்வையாளராகிவிட்டவர் அதன் பிறகு வாய் திறப்பது கடினம். பொன்னாடைக்கும் இதே காரணம் பொருந்தும். இடம் கொடுத்தவருக்கும் தேநீர் ஏற்பாடு செய்தவருக்கும் ஒரே வாக்கியத்தில் நன்றி சொன்னால் போதும். விரிவாகச் சொல்ல விரும்பினால் முடிவில் சொல்லலாம்.

அடுத்து ஊர்ப்பெருமை. சேதுபதி மன்னர்களையும் அப்துல் கலாமையும் தொடாமல் இந்த மாவட்டத்தில் ஒரு மேடைப் பேச்சு முடிவது அபூர்வம். 1931இல் ராமேஸ்வரத்தில் பிறந்த ஒருவர் எங்கே போய் நின்றார் என்பது இந்தக் கரையில் குழந்தைகளுக்கும் தெரியும் என்பதாலேயே, நான்கு நிமிடத்தில் அரை நிமிடத்தை அதற்கு ஒதுக்குவது கேட்பவருக்குப் புதிதாக எதையும் தராது. கலாம் மீதுள்ள மதிப்பைக் குறைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அன்றைய பேச்சில் அவருக்கு வேலை இல்லை என்று மட்டுமே சொல்கிறேன்.

எல்லாச் சமயத்தாரும் வந்திருப்பார்கள் என்பதால் ஒவ்வொரு சமய வணக்கத்தையும் அடுத்தடுத்துச் சொல்லும் வழக்கமும் உண்டு. ஒரு 'வணக்கம்' எல்லாருக்கும் போதும் என்பது என் எண்ணம். தொழுகை நேரத்தை மனத்தில் வைத்து நிகழ்ச்சியை அமைத்திருக்கிறீர்கள் என்பது தெரிந்தால், கீழக்கரையிலிருந்தோ பெரியபட்டினத்திலிருந்தோ வந்தவருக்கு அதுவே உண்மையான மரியாதையாகத் தோன்றும்.

நேரமும் நாற்காலியும் பேச்சுக்கு முன்பே முடிவாக வேண்டும்

பேச்சில் சொல்லப்போகும் சில செய்திகள் முன்கூட்டியே எடுத்த முடிவுகளைப் பொறுத்தவை. கடலோரக் கிறித்தவக் குடும்பங்களுக்கு ஞாயிறு காலை திருப்பலி உண்டு. ஆகவே மாலை நான்கு முதல் ஆறு வரை என்று வைத்துக்கொள்வது நல்லது. மஃரிப் தொழுகை பொழுது அடைந்தவுடன் தொடங்கும். கார்த்திகை மாதத்தில் இங்கே ஆறு மணிக்கு முன்பே பொழுது அடைந்துவிடும் என்பதால், மழைக்காலத்தில் கூட்டுகிறவர்கள் அரை மணி நேரம் முன்னதாகத் தொடங்கி முன்னதாக முடிப்பது சரியாக இருக்கும். ராமேஸ்வரத்திலிருந்து வருபவர் ஏறக்குறைய 55 கிலோமீட்டர் திரும்பிப் போக வேண்டும். கீழக்கரைக்காரருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு தூரம்தான். ராமேஸ்வரம், தொண்டி, சாயல்குடி ஆகிய மூன்று திசைகளுக்கும் மாலையில் எந்தப் பஸ் எப்போது புறப்படும் என்பதை முந்தைய நாள் பேருந்து நிலையத்திலேயே கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள் பேச்சில் பயன்படும்.

நாற்காலிகளை வரிசையாகப் போடாமல் இரண்டு அடுக்கு அரைவட்டமாகப் போடுங்கள். மேடை இருந்தால் அதில் ஏறாமல் தரையிலேயே நில்லுங்கள். இருபத்தைந்து பேருக்கு மைக் தேவையில்லை. கல்யாண மண்டபம் போன்ற வெற்றுக் கூடத்தில் மைக் வைத்தால் எதிரொலிதான் மிஞ்சும். ஆனால் பழைய மின்விசிறிகளின் இரைச்சல் பின்வரிசைக்கு உங்கள் குரலை மறைக்கும் என்பதால், முன்னதாகவே போய், விசிறிகளை ஓடவிட்டு, ஒருவரைக் கடைசி நாற்காலியில் உட்கார வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.

பேச்சின் முழு வடிவம்

இப்போது எழுதலாம். கீழே ஒரு முழு உரையைத் தருகிறேன். எழுத்து வடிவில் இருந்தாலும், பேசும்போது உங்கள் வாயில் வழக்கமாக வரும் தமிழிலேயே இதைச் சொல்ல வேண்டும்.

> வணக்கம். எல்லாரும் வாருங்கள், முன்னால் இடம் இருக்கிறது.
>
> ராமேஸ்வரத்திலிருந்தும் தொண்டியிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமையை எங்களுக்காகக் கொடுத்ததற்கு நன்றி. இது முதல் சந்திப்பு. இங்கே இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு மற்றவர்களைத் தெரியாது. எனக்கே பாதிப் பேரை இன்றுதான் தெரியும். ஆகவே யாரும் தனியாக வந்துவிட்டோமே என்று நினைக்க வேண்டாம்.
>
> கணினியில் வேலை செய்து பிழைக்கிறவர், பிழைக்கப் போகிறவர், யாராக இருந்தாலும் இது உங்களுக்கான இடம். பெரிய நிறுவனத்தில் இருப்பவரும் இங்கே இருக்கிறார், இ-சேவை மையம் நடத்துபவரும் இருக்கிறார், இன்னும் படித்துக்கொண்டிருப்பவரும் இருக்கிறார். இன்றைக்கு இங்கே விற்பனை எதுவும் இல்லை, கட்டணமும் இல்லை. தேநீர்ச் செலவை நாங்கள் மூன்று பேர் பகிர்ந்துகொண்டிருக்கிறோம்.
>
> தமிழில் பேசலாம், ஆங்கிலம் கலந்தும் பேசலாம். எவ்வளவு சாதாரணமான கேள்வியையும் கேட்கலாம். யாரையும் எழுப்பி நிறுத்திப் பேசச் சொல்ல மாட்டோம்.
>
> இப்போது நான்கு பத்து. நான்கரைக்கு நம்மில் ஒருவர், கடைகளுக்குப் பில்லிங் மென்பொருள் போடும்போது வரும் சிக்கல்களைப் பற்றி இருபது நிமிடம் பேசுவார். அதன் பிறகு தேநீரும் கீழக்கரைத் தொதலும் இருக்கின்றன. பிறகு பேசிக்கொண்டிருப்போம். ஐந்தே முக்காலுக்கு முடித்துவிடுவோம். பஸ் நேரங்கள் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கின்றன. தொழுகைக்கு இடப்பக்கத்து அறை இருக்கிறது. கழிப்பறை பின்பக்கம், பெண்களுக்குத் தனியாக இருக்கிறது.
>
> ஒரு வேண்டுகோள். கேட்காமல் யாரையும் புகைப்படம் எடுக்க வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் சேர விரும்புபவர்கள் மட்டும் தேநீர் மேசையில் இருக்கும் நோட்டில் எண்ணை எழுதலாம். யாராவது உங்களுக்குச் சங்கடம் தரும்படி நடந்துகொண்டால் என்னிடமோ, அந்த நீலச் சேலை அணிந்திருக்கும் மேடத்திடமோ சொல்லுங்கள்.
>
> இனி நான் பேசப்போவதில்லை. உங்கள் பக்கத்தில் இருப்பவர், உங்களுக்குத் தெரியாதவராக இருந்தால் நல்லது, அவரிடம் இரண்டே விஷயங்களைக் கேளுங்கள். போன வாரம் எந்த வேலை செய்தீர்கள்? அதில் எங்கே மாட்டிக்கொண்டீர்கள்? பத்து நிமிடம் இருக்கிறது. தொடங்கலாம்.

இந்த வரிகள் ஏன் இப்படி இருக்கின்றன

"எனக்கே பாதிப் பேரை இன்றுதான் தெரியும்" என்ற வரி உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். அழைத்தவருக்கே எல்லாரையும் தெரியாது என்று கேட்டதும், வந்தவர்கள் எல்லாரும் ஒரே நிலையில் நிற்பதாக உணர்வார்கள். இதற்கு நேர்மாறானது, பேச்சின் நடுவே உங்கள் நண்பரைப் பார்த்து "மாப்ள, அதை எடுத்துட்டு வா" என்பதும், தெரிந்த ஒருவரை மட்டும் "காக்கா" என்றோ "அண்ணே" என்றோ உறவு சொல்லி அழைப்பதும். தேநீர் மேசையில் அவை இயல்பானவை. எல்லார் முன்னிலும் சொல்லும்போது, உள்ளே ஒரு சிறு கூட்டம் ஏற்கெனவே இருக்கிறது, நாம் அதற்கு வெளியே இருக்கிறோம் என்பதைப் புதியவருக்கு அவை அறிவித்துவிடும். நான்கு நிமிடத்துக்கு எல்லாரையும், படிக்கும் பிள்ளைகளையும் சேர்த்து, 'நீங்கள்' என்றே அழையுங்கள்.

விற்பனை இல்லை என்று சொல்வதோடு தேநீர்ச் செலவு யாருடையது என்பதையும் சொல்ல வேண்டும். செலவு எங்கிருந்து வருகிறது என்று தெரியாதவரை, இதற்குப் பின்னால் என்ன இருக்கிறதோ என்ற எண்ணம் கேட்பவரை விட்டுப் போகாது. ஏதேனும் ஒரு நிறுவனம் செலவை ஏற்றிருந்தால் அதன் பெயரை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, அது பதிலுக்கு எதையும் கேட்கவில்லை என்பதையும், கேட்டிருந்தால் அது என்ன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

புகைப்படம் பற்றிய வேண்டுகோளைச் சிலர் தேவையற்ற கண்டிப்பு என்று நினைக்கலாம். வீட்டில் சொல்லிவிட்டுத் தயங்கித் தயங்கி வந்திருக்கும் ஓர் இளம்பெண்ணின் படம் அன்றிரவே மூன்று குழுக்களில் சுற்றினால், அடுத்த சந்திப்புக்கு அவர் வர மாட்டார். முழுநேர வேலையில் இருந்துகொண்டே வெளி வேலையும் செய்பவருக்கும் படத்தால் சிக்கல் வரக்கூடும். வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் எண் மற்ற உறுப்பினர்கள் எல்லாருக்கும் தெரியும் என்பதால், விரும்பியவர் தாமே எழுதும் நோட்டு இதற்குச் சரியான வழி. புகார் சொல்ல இருவரைக் குறிப்பிடும்போது அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். அவரிடம் முன்பே கேட்டுச் சம்மதம் பெற்றிருக்க வேண்டும், அவர் சம்மதித்தால் அவருடைய பெயரையே சொல்லலாம்.

கடைசியில் வரும் இரண்டு கேள்விகள்தான் இந்தப் பேச்சின் மையம். ஒன்றும் சொல்லாமல் "பக்கத்தில் இருப்பவரோடு அறிமுகம் செய்துகொள்ளுங்கள்" என்று மட்டும் விட்டால், நம் மக்கள் பழக்கத்தால் கேட்கும் கேள்விகள் இரண்டு. "எந்தக் கம்பெனி?" என்பது ஒன்று, அதற்கு வரும் பதில் உடனே இருவரையும் மேல், கீழ் என்று நிறுத்திவிடும். "எந்த ஊர்?" என்பது மற்றொன்று, அது ஊரோடு நிற்காமல் "ஊரில் எந்தத் தெரு?" என்று போகும்போது, எதை அறிவதற்காகக் கேட்கிறார்கள் என்பது இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அப்படிக் கேட்காதீர்கள் என்று வரவேற்புரையில் கண்டித்துப் பேசினால் அந்த இடமே இறுகிப்போகும். அதற்குப் பதிலாக வேறு இரண்டு கேள்விகளை நீங்களே கையில் கொடுத்துவிட்டால், பெரும்பாலோர் அவற்றையே பிடித்துக்கொள்வார்கள். எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்ற கேள்விக்குப் பெரிய நிறுவனத்தில் இருப்பவருக்கும் பதில் உண்டு, மாணவருக்கும் பதில் உண்டு; ஆதார் புதுப்பிப்பு நடுவே இணையம் அறுந்து வரிசையில் நிற்பவரிடம் திட்டு வாங்கிய இ-சேவைக்காரரிடம்தான் கேட்கத் தகுந்த கதை அதிகம் இருக்கும்.

மாட்டிக்கொண்ட இடத்தைச் சொல்லும்போது, வாடிக்கையாளர் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ சொல்ல வேண்டியதில்லை என்று விரும்பினால் ஒரு வரி சேர்க்கலாம். ஒப்பந்தத்தில் ரகசியக் காப்பு உள்ளவர்கள் அதைக் கேட்டதும் தளர்ந்து பேசத் தொடங்குவார்கள்.

ஒத்திகை

எழுதியதை மனத்துக்குள் வாசித்து நேரம் கணக்கிடாதீர்கள். வாய்விட்டுப் பேசி, கைப்பேசிக் கடிகாரத்தில் பாருங்கள். நிதானமாகப் பேசுபவர் நிமிடத்துக்கு நூறு தமிழ்ச் சொற்கள் அளவில்தான் பேசுவார் என்பதால், மேலே உள்ள உரை இரண்டு நிமிடத்துக்குச் சிறிது குறைவாகவோ கூடுதலாகவோ வரும். கூட்டத்தில் நின்று, தாமதமாக வருபவருக்கு இடம் காட்டி, மூச்சு வாங்கிப் பேசும்போது அது நான்கு வரை நீளலாம். ஒத்திகையிலேயே நான்கைத் தாண்டினால், ஊர்ப்பெயர்களையும் நன்றியையும் சுருக்குங்கள். பஸ் நேரத்தையும் இறுதிக் கேள்விகளையும் தொடாதீர்கள்.

முழு உரையையும் மனப்பாடம் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மனப்பாடம் செய்தவர் ஒரு வரி தவறினால் அடுத்ததும் போய்விடும். குரலும் பேச்சுப்போட்டி ராகத்துக்குப் போய்விடும். முதல் இரண்டு வாக்கியங்களையும் கடைசி இரண்டு கேள்விகளையும் மட்டும் மனத்தில் ஏற்றிக்கொண்டு, நடுவில் உள்ளவற்றுக்கு உள்ளங்கையளவு அட்டையில் 'யாருக்கு, மொழி, நேரம், பஸ், தொழுகை, படம், நோட்டு' என்று ஏழு சொற்களை எழுதி வைத்துக்கொண்டால் போதுமானது. அட்டையைப் பார்ப்பதை யாரும் குறையாக எண்ண மாட்டார்கள்.

அன்று மாறிப்போகக்கூடியவை

நான்கு மணிக்குப் பத்துப் பேர்தான் வந்திருப்பார்கள். பத்து நிமிடம் காத்திருப்பது மரியாதை. அதற்கு மேல் காத்திருப்பது நேரத்துக்கு வந்தவருக்குத் தண்டனை. நான்கு பத்துக்குத் தொடங்கிவிடுங்கள். பிந்தி வருபவர்களுக்காகப் பேச்சைத் திரும்பத் தொடங்க வேண்டாம். வாசலில் ஒரு நண்பரை நிறுத்தி, வருபவரிடம் அந்த இரண்டு கேள்விகளையும் முடியும் நேரத்தையும் மட்டும் சொல்லி, ஏதேனும் ஒரு இணையோடு மூன்றாமவராக உட்கார வைக்கச் சொல்லுங்கள்.

அழைக்காத பிரமுகர் ஒருவர் வந்து நிற்பதும் நம் ஊரில் நடக்கும். அவரை முன்னால் அழைத்து "இரண்டு வார்த்தை" பேசச் சொன்னால் அது இருபது நிமிடமாகும். "ஐயா, வாங்க, உட்காருங்க" என்று அரைவட்டத்தில் நல்ல நாற்காலி ஒன்றைக் காட்டி, பக்கத்தில் உங்கள் குழுவில் பொறுமையான ஒருவரை உட்கார வைத்து, அவரிடமும் அதே இரண்டு கேள்விகளைக் கேட்கச் செய்யுங்கள். மதிப்பும் குறையாது, நிகழ்ச்சியும் கெடாது.

மின்சாரம் போனால் பேச்சை நிறுத்தாதீர்கள். விசிறி நின்றதும் உங்கள் குரல் முன்னைவிட நன்றாகவே கேட்கும். புழுக்கம் அதிகமானால் இணைப் பேச்சை வெளியே வராந்தாவிலோ வேப்ப மரத்தடியிலோ நடத்திக்கொள்ளச் சொல்லலாம்.

பேச்சு வேலை செய்ததா என்பதைக் கைதட்டலை வைத்து முடிவு செய்ய வேண்டாம். கைதட்டல் எந்த உரைக்கும் கிடைக்கும். "தொடங்கலாம்" என்று சொன்னபின் அரை நிமிடம் கவனியுங்கள். நாற்காலிகள் பக்கவாட்டில் திரும்பும் சத்தம் கேட்டு, சில நொடிகளில் கூடம் முழுக்க ஒரே இரைச்சலானால் எல்லாம் சரியாக இருக்கிறது. எல்லாரும் இன்னும் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால், உங்களுடைய கடைசி வாக்கியம் முடிந்ததாக அவர்களுக்குப் படவில்லை. அப்போது மீண்டும் விளக்கத் தொடங்காமல், அருகிலிருக்கும் ஒருவரின் பக்கத்து நாற்காலியில் நீங்களே உட்கார்ந்து, போன வாரம் என்ன வேலை செய்தீர்கள் என்று அவரிடம் கேட்கத் தொடங்கிவிடுங்கள். கைப்பேசியை எடுத்துப் பார்த்துக்கொண்டு தனியே இருப்பவர் எங்கே என்று அதற்குப் பிறகு தேடுங்கள். அவர் பெரும்பாலும் கதவோரத்துக் கடைசி நாற்காலியில் இருப்பார். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், இன்னொருவரை அழைத்துக்கொண்டு நீங்களே அவரிடம் போங்கள்.